இணையச் சந்தையில் சிறு உற்பத்தியாளர்: விற்பனைத் தொகையும் வங்கி வரவும்

ஐதராபாத் நகரின் வடபுறத்தில், மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தில் உள்ள ஜீடிமெட்லா தொழிற்பேட்டை, மருந்து மூலப்பொருள்கள், இயந்திர உதிரிப் பாகங்கள், பிளாஸ்டிக் பொருள்கள் முதலியவற்றைச் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் நெருங்கி அமைந்த பகுதியாகும். இத்தகைய தொழிற்கூடம் ஒன்று தன் சரக்கை விற்பதற்கு நெடுங்காலமாக இருந்த வழி, மொத்த வியாபாரியிடம் கொடுத்துவிடுவதே. சரக்கு லாரியில் ஏறும். பட்டியல் ஒன்று எழுதப்படும். சில வாரங்களில் பட்டியலில் கண்ட தொகை வந்து சேரும். பட்டியல் தொகையும் வந்த தொகையும் ஒன்றாகவே இருந்தமையால், வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே விற்பனையைக் கணக்கிடும் பழக்கம் வேரூன்றியது. அப்பழக்கத்தால் தீங்கு எதுவும் விளையவில்லை.

இணையச் சந்தையில் விற்கத் தொடங்கியவுடன் அதே பழக்கம் தீங்காகிவிடுகிறது. இங்கு வாங்குபவர் செலுத்தும் பணத்தை முதலில் பெறுவது சந்தை நடத்தும் நிறுவனம். அது தன் தரகையும், சரக்கை அனுப்பிய கூலியையும், திரும்பி வந்த சரக்கின் கூலியையும், இவற்றின் மீதான வரியையும், அரசுக்காகப் பிடித்தம் செய்யும் இரு தொகைகளையும் கழித்துக்கொண்டு எஞ்சியதை மட்டுமே உற்பத்தியாளரின் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. எஞ்சிய அத்தொகை விற்பனையும் அன்று; வருமானமும் அன்று. அதனை விற்பனை என்று எழுதினால் என்ன நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காண்போம்.

அதற்கு முன் சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகக் கூறவேண்டும். 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வருமுன், மாநிலம் விட்டு மாநிலம் விற்ற பொருளுக்கு 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டப்படி வரி விதிக்கப்பட்டது; அவ்வரி சரக்கு புறப்பட்ட மாநிலத்திற்கே சென்றது. இணையச் சந்தை வளர்ந்தபோது இம்முறையில் பல சிக்கல்கள் தோன்றின. 2014இல் கர்நாடக வணிகவரித் துறை, பெங்களூருக்கு அருகில் ஒரு சந்தை நிறுவனத்தின் கிடங்கில் சரக்கு வைத்து விற்ற வியாபாரிகளின் பதிவைப் பற்றி எழுப்பிய பிரச்சினை அவற்றுள் ஒன்று. புதிய வரியில் பணம் செல்வது சரக்கு போய்ச் சேரும் மாநிலத்திற்கு. ஜீடிமெட்லாவில் செய்த டப்பா சென்னையில் ஒரு வீட்டிற்குச் சென்றால், அதன் வரியில் மாநிலத்தின் பங்கு தமிழ்நாட்டிற்கு உரியது. விற்பனையை மாநிலவாரியாகப் பிரித்துக் காட்டும்படி அரசு கேட்பது இதனால்தான். படிவத்தை நீட்டுவதற்காக எழுந்த கேள்வி அன்று அது.

பதிவு பற்றியும் ஒரு சொல். சரக்கு விற்பவர்களுக்குப் பல மாநிலங்களில் பதிவுக்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பு 40 லட்சம் ரூபாய். தெலங்கானாவோ 20 லட்சம் ரூபாய் என்ற வரம்பையே வைத்துக்கொண்டது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்திற்குள் மட்டும் விற்கும் வரம்பிற்குட்பட்ட சிறு விற்பனையாளர், பதிவு பெறாமலே, ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று இணையச் சந்தையில் விற்கலாம். ஆயின் வெளிமாநிலத்திலிருந்து ஒரே ஒரு கோரிக்கை வந்து அதனை ஏற்றாலும் இச்சலுகை இல்லை. இணையச் சந்தையின் பயனே நாடு முழுவதும் விற்க முடிவதில் இருப்பதால், ஜீடிமெட்லாவின் உற்பத்தியாளர் பெரும்பாலும் பதிவு பெற்றவராகவே இருப்பார்.

இனி எடுத்துக்காட்டு. மூடியுடன் கூடிய சமையலறைப் பிளாஸ்டிக் டப்பாக்களைச் செய்யும் ஒரு கூடத்தை வைத்துக்கொள்வோம். ஒரு தொகுதியின் விலை 500 ரூபாய். இதற்கு வரி 18 விழுக்காடு, அதாவது 90 ரூபாய். வாங்குபவர் செலுத்துவது 590 ரூபாய். 2025 நவம்பரில் 400 தொகுதிகள் அனுப்பப்படுகின்றன. அவற்றுள் 40 அம்மாதத்திலேயே திரும்பி வருகின்றன. எஞ்சிய 360 தொகுதிகளில் 100 தெலங்கானாவிலும் 260 பிற மாநிலங்களிலும் விற்றவை. எனவே அம்மாதத்தின் நிகர விற்பனை மதிப்பு 1,80,000 ரூபாய். அதன் வரி 32,400 ரூபாய். வாங்கியவர்கள் செலுத்தியது மொத்தம் 2,12,400 ரூபாய்.

சந்தை நிறுவனம் தரகு, அனுப்பும் கூலி, திரும்பிய சரக்கின் கூலி எல்லாவற்றிற்கும் சேர்த்து 45,000 ரூபாயும் அதன்மீது 18 விழுக்காடு வரியாக 8,100 ரூபாயும் கழிக்கிறது. இத்தொகைகள் சந்தைக்குச் சந்தை, பொருளுக்குப் பொருள் மாறுபடும். இங்கு கணக்கு விளங்குவதற்காகக் கொண்டவை. அடுத்து வரும் இரு பிடித்தங்களோ சட்டத்தில் கண்டவை. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, திரும்பிய சரக்கைக் கழித்த நிகர மதிப்பின்மீது சந்தை நிறுவனம் ஒரு தொகையை வசூலித்து அரசுக்குச் செலுத்தவேண்டும். 2018 அக்டோபரில் 1 விழுக்காடாகத் தொடங்கிய இது, 2024 ஜூலை 10 முதல் அரை விழுக்காடாகக் குறைந்தது. நமது கணக்கில் இது 900 ரூபாய். மற்றொன்று வருமான வரிப் பிடித்தம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 194-ஓ பிரிவின் கீழ் 2020 அக்டோபரில் 1 விழுக்காடாக வந்த இது, 2024 அக்டோபர் 1 முதல் 0.1 விழுக்காடாயிற்று. திரும்பியவற்றைச் சரிக்கட்டிய பின் இது 180 ரூபாய். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வரும் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், இத்தகைய பிடித்தங்களை 393ஆம் பிரிவில் ஒன்றாகத் தொகுத்துள்ளது.

இவையெல்லாம் போக வங்கிக்கு வந்து சேர்வது 1,58,220 ரூபாய்.

உற்பத்தியாளர் பழைய வழக்கப்படி இத்தொகையை அம்மாதத்தின் விற்பனை மதிப்பு என்று விவர அறிக்கையில் எழுதிவிடுகிறார் என்று கொள்வோம். அதன் மீது அவர் காட்டும் வரி ஏறத்தாழ 28,480 ரூபாய். காட்டவேண்டியது 32,400 ரூபாய். குறைவு 3,920 ரூபாய். இதனைக் கேட்கும் பலர், வரி குறைத்துக் கட்டியவர் ஆதாயம் அடைந்தார் என்றே எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. வங்கித் தொகையிலிருந்து கணக்கைத் தொடங்கியவருக்குத் தரகு என்ற ஒன்று கண்ணிலேயே படுவதில்லை. தரகின்மீது அவர் செலுத்திய 8,100 ரூபாய் வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அதனையும் அவர் எடுக்கவில்லை. ஆகவே 3,920 ரூபாய் குறைவாகக் காட்டி, 8,100 ரூபாயை இழந்திருக்கிறார். அரசுக்கு அவர் தரவேண்டியதைவிட 4,180 ரூபாய் அதிகமாகவே தந்திருக்கிறார்.

அதிகம் தந்தவருக்கு அறிவிப்பு வராது என்று கூற முடியுமா? முடியாது. சந்தை நிறுவனம் ஒவ்வொரு மாதமும் ஜி.எஸ்.டி.ஆர்-8 என்னும் படிவத்தில், இன்ன பதிவு எண்ணுடையவர் தன் வழியே இவ்வளவு விற்றார் என்று அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் அரசுக்குத் தெரிவிக்கிறது. அதில் உள்ள எண் 1,80,000. உற்பத்தியாளர் காட்டிய எண் 1,58,220. இரண்டையும் ஒப்பிடக் கணிப்பொறிக்கு ஒரு நொடி போதும். 2024-25 முதலான ஆண்டுகளுக்கு, ஆண்டறிக்கைக்கு உரிய தேதியிலிருந்து 42 மாதங்கள் வரை அறிவிப்பு அனுப்பத் துறைக்கு அதிகாரம் உண்டு. குறைந்த வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் சேரும். எடுக்காமல் விட்ட வரவை எடுக்க உற்பத்தியாளருக்கு உள்ள அவகாசமோ அடுத்து வரும் நவம்பர் 30 வரை மட்டுமே. ஆண்டறிக்கையை அதற்கு முன்பே அளித்துவிட்டால் அதுவும் இல்லை. அறிவிப்பு வரும்போது, தரவேண்டியதற்குக் கதவு திறந்திருக்கும், பெறவேண்டியதற்கு மூடியிருக்கும். மாதந்தோறும் இதே தவறு நடந்தால், ஆண்டில் சுமார் 47,000 ரூபாய் வட்டியுடன் கேட்கப்படும்; 97,200 ரூபாய் திரும்பாமலே போகும். மாதம் 15,000 ரூபாய் ஆதாயம் காணும் ஒரு கூடத்திற்கு இது சிறு தொகை அன்று.

சரியான கணக்கு எவ்வாறு அமையும்? அது வங்கியிலிருந்து தொடங்காமல் பட்டியலிலிருந்து தொடங்கவேண்டும். விற்பனை 1,80,000 ரூபாய். தெலங்கானாவில் விற்ற 50,000 ரூபாய்க்கு மத்திய வரி 4,500, மாநில வரி 4,500. பிற மாநிலங்களில் விற்ற 1,30,000 ரூபாய்க்கு ஒருங்கிணைந்த வரி 23,400, இது ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் சரக்கு சென்ற மாநிலத்தின் பெயரில் தனித்தனியே காட்டப்படும். சந்தை நிறுவனத்தின் வழியே விற்றது எவ்வளவு என்பதை அதே படிவத்தின் 14ஆம் அட்டவணையில் மீண்டும் ஒருமுறை எழுதவேண்டும். இது புதிய விற்பனை அன்று, ஜி.எஸ்.டி.ஆர்-8 உடன் ஒப்பிடுவதற்கான குறிப்பே. இதனைப் புதிய விற்பனை என்று கருதி இருமுறை வரி கட்டக்கூடாது.

360 தொகுதிகளுக்கு 90,000 ரூபாய் மதிப்புள்ள பிளாஸ்டிக் மூலப்பொருள் வேண்டியிருந்தது என்றால், அதற்குக் கொடுத்த வரி 16,200 ரூபாய். தரகின் வரி 8,100 ரூபாய். இரண்டும் சேர்ந்த 24,300 ரூபாயை 32,400 ரூபாயில் கழித்தால் செலுத்தவேண்டியது 8,100 ரூபாய். (தரகின் வரியும் இத்தொகையும் ஒன்றாக அமைந்தது தற்செயலே.) இதில் சந்தை நிறுவனம் ஏற்கெனவே செலுத்திய 900 ரூபாய் உண்டு. ஆனால் அது தானாக வந்து சேர்வதில்லை. வரித் தளத்தில் அதற்கெனத் தனியாக உள்ள அறிக்கையில், சந்தை நிறுவனம் தெரிவித்த தொகையை உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்டதாகக் குறித்து அளித்தால்தான், அவரது மின்னணு ரொக்கப் பேரேட்டில் அது வரவு வைக்கப்படும். பல மாதங்களாக இதனைச் செய்யாமல் தம் பணத்தை அங்கேயே உறங்கவிடுவோர் உண்டு. ஏற்றுக்கொண்ட பின் ரொக்கமாகக் கட்டவேண்டியது 7,200 ரூபாய்.

தரகின் வரியை வரவு எடுப்பதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சந்தை நிறுவனம் எழுதும் தரகுப் பட்டியலில் உற்பத்தியாளரின் பதிவு எண் சரியாக இருக்கவேண்டும்; அப்பட்டியல் அவரது ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் தோன்றவும் வேண்டும். தெலங்கானாப் பதிவு எண் 36 என்று தொடங்கும். அந்த எண் சந்தைத் தளத்தில் பதியப்படாமலோ பிழையாகவோ இருந்தால் வரவு இல்லை. இதனை முதல் மாதத்திலேயே பார்த்துக்கொள்வது நலம்.

இதுவரை எளிமைக்காக, திரும்பிய 40 தொகுதிகளும் அதே மாதத்தில் திரும்பியதாகக் கொண்டோம். நடைமுறையில் அவ்வாறு அமைவதில்லை. நவம்பர் 28இல் அனுப்பிய டப்பா டிசம்பர் 9இல் திரும்பி வருகிறது. விற்பனை நவம்பருக்கு உரியது. அதனை நவம்பர் அறிக்கையிலிருந்து நீக்குவது தவறு. சரக்கு திரும்பியதும் வரவுக் குறிப்பு ஒன்று எழுதி, டிசம்பர் மாத விற்பனையில் அதனைக் கழிக்கவேண்டும். எந்த மாநிலத்தில் விற்றதோ அதே மாநிலத்தின் கணக்கில், அதே வரி விகிதத்தில் கழிக்கவேண்டும். ஒரு மாநிலத்திற்கு அம்மாதம் விற்றதைவிடத் திரும்பியது அதிகமானால் அங்கு எண் கழித்தல் குறியுடன் நிற்கும். அதனைக் கண்டு மிரளவேண்டியதில்லை. அனுப்புவதற்கு முன்பே வாங்குபவர் கோரிக்கையை நீக்கிவிட்டால் விற்பனையே நடக்கவில்லை. அதற்குப் பட்டியலும் இல்லை, வரவுக் குறிப்பும் இல்லை. சந்தை நிறுவனம் தரும் மாதப் பட்டியில் இவ்விரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் குழப்பம் நேர்கிறது.

திரும்பிய பொருளின் நிலையும் கணக்கில் வரும். மீண்டும் விற்கத்தக்கது இருப்பில் சேரும். உடைந்து வந்த டப்பாவை ஜீடிமெட்லாக் கூடம் அரைத்து மீண்டும் மூலப்பொருளாக்கிவிடலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு அவ்வசதி இல்லை. அவர் அதனை எறிந்துவிட்டால், அப்பொருளுக்காக முன்பு எடுத்த உள்ளீட்டு வரி வரவைச் சட்டத்தின் 17(5) பிரிவுப்படி திருப்பிக் கட்டவேண்டும். உடைந்த பொருளின் நட்டம் விலையோடு முடிவதில்லை என்பதைச் சந்தையில் விலை குறிக்கும்போது பலர் மறந்துவிடுகின்றனர்.

வருமான வரிக்கு வருவோம். விற்றுமுதல் 1,80,000 ரூபாய். செலவு: தரகும் கூலியும் 45,000, மூலப்பொருள் 90,000, ஊதியம், மின்சாரம், அட்டைப்பெட்டி முதலியவை 30,000 ரூபாய். இவை போக ஆதாயம் 15,000 ரூபாய். வரவு எடுத்துக்கொண்ட வரி செலவில் சேராது. பிடித்தம் செய்த 180 ரூபாயும் செலவு அன்று. அது உற்பத்தியாளர் முன்கூட்டிச் செலுத்திய வருமான வரி.

இக்கணக்கு சரியா என்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வங்கிக்கு வந்த 1,58,220 ரூபாயை எடுத்துக்கொள்க. மூலப்பொருளுக்கு வரியுடன் கொடுத்த 1,06,200, ஊதியம் முதலிய 30,000, ரொக்கமாகக் கட்டிய வரி 7,200 ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது 14,820 ரூபாய். வருமான வரியாகப் பிடித்த 180 ரூபாயைக் கூட்டினால் 15,000 ரூபாய். பட்டியலில் தொடங்கிய கணக்கும் வங்கியில் தொடங்கிய கணக்கும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. சந்திக்கவில்லையென்றால் ஏதோ ஒரு தரகுப் பட்டியலோ வரவுக் குறிப்போ விடுபட்டிருக்கிறது என்று பொருள். உண்மையான மாதங்களில் கடனும் இருப்பும் இடையே வரும். அவற்றையும் சேர்த்துக்கொண்டு இதே சோதனையைச் செய்யலாம்.

சிறு தொழில் செய்வோர் விரிவான கணக்கு இல்லாமல், விற்றுமுதலில் ஒரு பங்கை ஆதாயமாகக் காட்டும் எளிய முறையும் வருமான வரியில் உண்டு. வங்கி வழியே பெற்ற தொகைக்கு அது 6 விழுக்காடு. ரொக்கம் 5 விழுக்காட்டிற்கு மேற்படாதபோது விற்றுமுதல் 3 கோடி ரூபாய் வரை இம்முறை பொருந்தும். இங்கும் அடிப்படை விற்றுமுதலே. மாதம் 1,80,000 வீதம் ஆண்டுக்கு 21,60,000 ரூபாய் என்று எழுதவேண்டிய இடத்தில், வங்கித் தொகையாகிய 18,98,640 ரூபாயை எழுதினால், வரியில் வேறுபாடு அற்பமாக இருக்கலாம். ஆயினும் படிவம் 26ஏ.எஸ். ஒன்றையும், சரக்கு மற்றும் சேவை வரி அறிக்கைகள் அதனையும், வருமான வரி அறிக்கை வேறொன்றையும் கூறும். ஒரே மனிதரின் ஒரே தொழிலுக்கு இரு விற்றுமுதல் இருப்பதை எந்த அதிகாரியும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். இம்முறையில் தரகைத் தனியாகச் செலவில் கழிக்க முடியாது என்பதையும் கருதவேண்டும். அந்த 6 விழுக்காடு எல்லாச் செலவும் கழித்த பின் எஞ்சிய ஆதாயம் என்றே சட்டம் கொள்கிறது.

கடைசியாக, வெளிமாநிலக் கிடங்கு. விற்பனை பெருகியதும் சந்தை நிறுவனம், சரக்கைத் தமிழ்நாட்டில் உள்ள தன் கிடங்கில் முன்கூட்டியே வைத்தால் விரைவில் கொண்டு சேர்க்கலாம் என்று கூறும். கூற்று உண்மையே. ஆனால் அங்கு சரக்கு வைத்து அங்கிருந்து விற்பவர், 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணையும் பெறவேண்டும். ஜீடிமெட்லாவிலிருந்து அக்கிடங்கிற்குச் செல்லும் சரக்கு, இன்னும் எவரும் வாங்காதபோதிலும், ஒரு பதிவிலிருந்து மற்றொரு பதிவிற்கு விற்றதற்கு ஒப்பாகக் கருதப்படும். அதற்குப் பட்டியலும் ஒருங்கிணைந்த வரியும் உண்டு. அவ்வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் வரவு எடுத்துக்கொள்ளலாம். ஆயின் வருமான வரிக் கணக்கில் இந்த இடமாற்றம் விற்பனை அன்று. அதனை விற்றுமுதலில் சேர்த்தால் ஒரே டப்பா இருமுறை விற்றதாகிவிடும். வரி அறிக்கையின் கூட்டுத் தொகையும் வருமான வரியின் விற்றுமுதலும் நியாயமாகவே வேறுபடும் இடம் இது. இவ்வேறுபாட்டை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பை ஆண்டு முடிவிலேயே எழுதிக் கோப்பில் வைத்துவிட்டால், மூன்று ஆண்டுகளுக்குப் பின் கேள்வி வரும்போது பழைய பட்டியல்களைத் தேட நேராது.